டயர் சொல்லும் வயசு

கேள்வி: ‘2021 மாடல் ஸ்கூட்டர், 8,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது’ என்று விளம்பரம். படங்களில் வண்டி பளபளக்கிறது. அட்வான்ஸ் அனுப்பலாமா?

பதில்: பளபளப்பு வாட்டர் வாஷ் செய்த வேலை. டயரின் பக்கவாட்டைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். ‘1417’ என்றால் 2017-ன் 14-வது வாரத்தில் தயாரான டயர். பிள்ளை பிறப்பதற்கு நாலு வருஷம் முன்பே செருப்பு தேய்ந்த கதை! வண்டி பழசு, அல்லது யாரோ பழைய டயரை மாட்டியிருக்கிறார்கள். mParivahan செயலியில் பதிவெண்ணைப் போட்டால் பதிவான தேதி தெரியும். எது என்று புரிந்துவிடும்.

‘3023’ என்று டயர் புதிதாக இருந்தாலும் உடனே மகிழாதீர்கள். 8,000 கிலோமீட்டரில் ஸ்கூட்டர் டயர் தேய்ந்துபோவது அபூர்வம். பழைய டயர் பஞ்சரில் கிழிந்திருக்கலாம்; மீட்டரைக் குறைத்தும் இருக்கலாம். ஆக்ஸிலரேட்டர் கைப்பிடியையும் படமெடுத்து அனுப்பச் சொல்லி, பெரிதாக்கிப் பாருங்கள். அந்த ரப்பரின் வரிகள் மழுங்கி வழவழத்திருந்தால் நெடுங்காலம் ஓடிய வண்டி. ஒரு கைப்பிடி மட்டும் புத்தம் புதிது என்றால் ஏன் என்று கேளுங்கள்.

இந்த இரண்டு படமும் வரும்வரை ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.