மீட்டர் பின்னோக்கி ஓடாது!

கேள்வி: என் தையல் கடைக்கு இரண்டு மாதத்துக்கு 400 யூனிட்தான் வரும். இம்முறை 965 யூனிட்டுக்கு பில்! மின் அலுவலகத்தில் "கட்டிவிட்டுப் பேசுங்கள்" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் மீட்டரைப் பாருங்கள். திரையில் பல எண்கள் மாறிமாறி வரும். kWh என்று காட்டுவதுதான் உங்கள் எண். நீங்கள் அனுப்பிய பில்லில் முந்தைய அளவு 18,640, இப்போதைய அளவு 19,605. பத்து நாள் கழித்து நீங்கள் எடுத்த படத்திலோ மீட்டர் 19,130தான் காட்டுகிறது. கடிகாரத்தையாவது பின்னால் திருப்பலாம், மீட்டர் பின்னோக்கி ஓடாதே! 19,065 என்பதை 19,605 என்று பதிந்திருக்கிறார்கள். அப்படியென்றால் 425 யூனிட்தான், உங்கள் வழக்கமான கணக்கு.

மீட்டர் எண் தெரியும் படத்தையும், கடந்த ஓராண்டு பில்களையும் இணைத்து உதவிப் பொறியாளருக்கு மனு கொடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் நகராதீர்கள். கெடு முடியும்வரை சும்மா இருந்தால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56 உங்கள் பக்கம்: கேட்ட தொகை, முந்தைய ஆறு மாதச் சராசரிக் கட்டணம், இரண்டில் குறைந்ததை ஆட்சேபத்துடன் கட்டினால், தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது.