வள்ளியின் பம்பரமும் என் மூன்று தோல்விகளும்

குழந்தைக் கதைதானே, காபி ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று நினைத்த மேதாவி நான். விஷயமும் எளிது: ஒரு சிறுமி தனக்கு உயிரான பொருளைப் பிறருக்குக் கொடுக்கிறாள்.

கடலூர் வள்ளி, ஆனித் திருமஞ்சனத் தேர் பார்க்கச் சிதம்பரம் போகிறாள். கீழவீதியில் மரச்சொப்பு வாங்குகிறாள். காய்ச்சலில் படுத்திருப்பதால் தேர் பார்க்க முடியாத மாமா பையனிடம் அதைக் கொடுத்துவிடுகிறாள். மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இதைப் பெருமையோடு படித்துக் காட்டினேன்.

"சொப்புல நிறைய இருக்குமே, ரெண்டு குடுத்தா போதாதா?" என்றாள் ஒரு சிறுமி. பிரித்துக் கொடுக்க முடிந்த பொருளில் இழப்பு எங்கே இருக்கிறது? சொப்பைத் தூக்கிவிட்டுச் சிவப்புப் பம்பரம் வைத்தேன்.

அடுத்த முறை, வள்ளியின் நல்ல மனசுக்குப் பரிசாகத் தாத்தா புதுப் பம்பரம் வாங்கித் தந்தார். "அதை முதல்லயே அந்தப் பையனுக்கு வாங்கிக் குடுத்திருக்கலாம்ல?" என்றான் ஒரு வாண்டு. தாத்தாவைக் கதையிலிருந்து அனுப்பிவைத்தேன்.

மூன்றாவதில், "குடும்மா, நீ சமத்துப் பொண்ணுல்ல" என்று அம்மா சொன்னார். "அப்ப அம்மாதான குடுத்தாங்க" என்று தீர்ப்பு வந்தது.

இதை ஆராய்ச்சிக்காரர்களும் சோதித்திருக்கிறார்கள். நதியா செர்னியாக், டமர் குஷ்னிர் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு அது. மழலைப் பள்ளி வயதுக் குழந்தைகளிடம் ஒரு ஸ்டிக்கர், எதிரே சோகமான பொம்மை. தானே வைத்துக்கொள்ளலாம் என்ற வாய்ப்பு இருந்தும் கொடுத்த குழந்தைகள், பிறகு வேறொரு பொம்மைக்கும் அதிகமாகக் கொடுத்தார்கள். கொடுத்தே ஆகவேண்டும் என்று சொல்லப்பட்டவர்கள் அந்த அளவுக்குக் கொடுக்கவில்லை. இவ்வளவையும் எங்கள் தெருப் பிள்ளைகள் எனக்கு இலவசமாகச் சொல்லியிருந்தார்கள்.

நான்காவது கதையில் யாரும் வள்ளியை எதுவும் கேட்கவில்லை. பம்பரத்தை அவளே பையனின் தலைமாட்டில் வைக்கிறாள். சாட்டையை மட்டும் பாவாடைக்குள் சொருகிக்கொள்கிறாள். சாட்டை இல்லாமல் அவன் எப்படிச் சுற்றுவான்? கடலூர் பஸ் புறப்படும் நேரம். வள்ளி இடுப்பைத் தொட்டுப் பார்க்கிறாள். இறங்கி ஓடுகிறாள். சாட்டையையும் கொடுத்துவிட்டு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து அழுகிறாள். அவ்வளவுதான் கதை.

பிள்ளைகள் கேள்வியே கேட்கவில்லை. சாட்டையைச் சொருகிக்கொண்ட இடத்தில் மட்டும், "ஐயோ, அதையும் குடுக்கணும்" என்று ஒரு குரல் எழுந்தது. நான் சொல்ல நினைத்ததை அவர்களே சொல்லிவிட்டார்கள்.

கதை சொல்லும் அம்மா அப்பாக்களே, வள்ளி அழுதால் அழட்டும். தயவுசெய்து கடைசியில் புதுப் பம்பரம் வாங்கித் தராதீர்கள்.