பாக்கி எவ்வளவு? லெட்ஜர் சொல்லும்!

கேள்வி: எண்ணூர் கம்பெனி ஒன்றுக்கு லேத் வேலை செய்கிறேன். என் கணக்கில் பாக்கி ரூ.86,400, அவர்கள் ரூ.61,200 என்கிறார்கள். ஆடிட்டரிடம் லெட்ஜர் நகல் கேட்கலாமா?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: அவர்களுடைய ஆடிட்டர் வாயைத் திறக்க மாட்டார். கட்சிக்காரர் சம்மதமின்றிக் கணக்கைக் காட்டினால், 1949-ஆம் வருடச் சட்டப்படி அது தொழில் ஒழுங்கீனம். கம்பெனியின் அக்கவுன்டன்டுக்கு மெயில் போடுங்கள். 'ஏப்ரல் 1 முதல் இன்றுவரை எங்கள் பெயரிலுள்ள லெட்ஜர், ஆரம்ப இருப்பு, பில் எண், வவுச்சர் எண்ணோடு வேண்டும்' என்று கேளுங்கள்.

வந்ததும் மொத்தத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். உங்கள் லெட்ஜரைப் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி டிக் அடியுங்கள். டிக் விழாத வரிதான் திருடன்! உதாரணமாக, உங்கள் ரூ.25,200 வித்தியாசம் இப்படிப் பிரியலாம்: நான்கு லட்ச ரூபாய் பில்லுக்கு ஒரு சதவீத டி.டி.எஸ். ரூ.4,000; ரிஜெக்‌ஷன் டெபிட் நோட் ரூ.9,200, பதிவாகாத பில் ரூ.12,000. முதலாவது உங்கள் 26ஏஎஸ்-இல் ஏறியிருந்தால் வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளலாம். இரண்டாவதற்கு நோட்டின் நகலும், திருப்பிய சரக்கின் செலானும் கேளுங்கள். மூன்றாவதற்கு கேட் சீல் விழுந்த டெலிவரி செலானைக் காட்டுங்கள். அதற்கு மறுபேச்சு கிடையாது.

ஒத்துக்கொண்ட பாக்கியைக் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. அதற்குள் வாங்கிய கையெழுத்து அந்தக் கெடுவைப் புதிதாகத் தொடங்கிவைக்கும்.