மீதி நான்கு பழம்

முப்பத்தைந்து வருஷ காலம் பிறர் பிழைகளைச் சிவப்பு மசியால் வட்டமிட்டு ஜீவனம் செய்தவளுக்கு, தன்னுடைய பிழையொன்றைப் பேத்தியின் கணினித் திரையில், அதுவும் எட்டு மடங்கு பெரிதாகக் காண நேர்வது அத்தனை ரஸமான அனுபவம் அன்று.

1976-ஆம் ஆண்டில் மூன்றாம் வகுப்புக்காக நான் ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் எடுத்த வகுத்தல் கணக்குத் தாள் ஒன்று டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் என் பேத்தி அதை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, “பாட்டி, ‘எத்தனை’ என்ற வார்த்தையையே தப்பாக எழுதியிருக்கிறீர்களே!” என்று ஆரம்பித்தாள். அவள் சுட்டிய பிழை, துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பழைய ‘னை’. 1978-இல் அரசாங்க உத்தரவால் பதின்மூன்று எழுத்துகள் உருமாறியபோது அந்தத் துதிக்கையும் போயிற்று என்பதை நான் சற்று விஸ்தாரமாகவே விளக்கினேன். ஜயித்துவிட்ட சந்தோஷத்தில் நான் காப்பியை எடுக்கும்போது அவள் ஐந்தாம் கணக்கைப் படித்தாள்: “34 வாழைப்பழங்களை 6 பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு எத்தனை?”

தாளின் தலைப்போ ‘மீதியில்லா வகுத்தல்’. பின்பக்கத்து விடைப் பட்டியலில் ஐந்தாவது விடை 14. பதினான்கை ஆறால் பெருக்கினால் 84. ஆகவே மூன்று இருக்குமிடத்தில் எட்டு இருந்திருக்க வேண்டும் என்று பாடபேதத்தை நிர்ணயித்தோம். ஏட்டுச் சுவடிகளோடு மல்லாடிய பெரியவர்களுக்கு விடைப் பட்டியல் என்ற பாக்கியம் கிடைக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

“எட்டின் இடது பாதியை உன் இயந்திரம் தின்றுவிட்டது” என்றேன். அவள் மரியாதையாக, அப்படியும் நடக்கலாம் என்றாள். கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒன்று கறுப்பு, இல்லையேல் வெள்ளை என்று தீர்ப்பாகிவிடுமாம். மங்கிய கோடு வெள்ளைக் கட்சியில் சேர்ந்து மறைந்துபோகுமாம். ஆகையால் சாம்பல் சாயைகளும் பதியும்படி மறுபடி ஸ்கேன் செய்து பெரிதாக்கினாள். மற்ற எழுத்துகளின் ஓரங்களிலெல்லாம் மசி கசிந்த சாம்பல் நிழல் தெரிந்தது. மூன்றின் இடப்புறத்திலோ வெறும் காகிதம். போதாக்குறைக்கு அதன் இரு முனைகளும், நான் இன்றும் பால் கணக்கில் போடும் மூன்றைப் போலவே, அழகாக உள்ளே சுருண்டிருந்தன. இயந்திரம் நிரபராதியாக விடுதலை பெற்றது.

அந்நாளில் மெழுகுத் தாளில் எழுத்தாணி வழுக்கினால், நகப்பூச்சைப் போல் நெடியடிக்கும் திரவத்தைத் தடவி, ஊதி உலர்த்தி, அதன் மேலேயே சரியாகக் கீறுவோம். திரையில் திருத்துவதும் அப்படித்தானே என்று நினைத்தேன். பேத்தி முதலில் மூன்றின் மேல் ஒரு வெள்ளைக் கட்டத்தை வைத்தாள். பழுத்த காகிதத்தில் அது முழங்கால் காயத்துக்குப் போட்ட பிளாஸ்திரி மாதிரி பளிச்சென்று நின்றது. காகிதத்தின் நிறத்தையே எடுத்துப் பூசினாள். நிறம் பொருந்தியும், நார்களும் புள்ளிகளும் இல்லாத மொழுமொழுப்பு காட்டிக்கொடுத்தது. கடைசியில் பக்கத்திலிருந்த வெற்றுக் காகிதத்தையே சிறு துண்டாக நகல் எடுத்து மேலே ஒட்டினாள். மூன்று சுவடின்றி மறைந்தது.

எட்டைத் தட்டச்சு செய்தால், கல்யாணப் பந்தியில் கோட்டுப் போட்டவர் உட்கார்ந்ததுபோல் தனித்துத் தெரியும் என்பதால், ஒன்பதாம் கணக்கில் வரும் 48-இலிருந்து என் கையெழுத்து எட்டையே கடன் வாங்கினோம். அதிலும் ஒரு சங்கடம்: என் வரிகள் வலப்பக்கம் போகப்போக மேலே ஏறும் சுபாவம் உடையவை, ஒன்பதாம் வரி ஐந்தாம் வரியைவிட அதிகமாகவே ஏறியிருந்தது. வந்த எட்டு பின்னால் சாய்ந்து நின்றது. அதை இரண்டு பாகை திருப்பி நிமிர்த்திய பிறகுதான் நான்கின் பக்கத்தில் சொந்தக்காரன்போல் ஒட்டிக்கொண்டது.

“இத்தனை நாள் யாருமே கேட்கவில்லையா, பாட்டி?” என்றாள்.

கேட்டான் ஒருவன். மீதி நான்கு வருகிறது என்று அந்தப் பையன் சொன்னபோது, மீதியே வராது, மறுபடி போடு என்று மூன்று முறை திருப்பி அனுப்பினேன். நான்காம் முறை அவன் ஸ்லேட்டில், “ஆளுக்கு 5. டீச்சர் மீதி வரக்கூடாது என்றதால் நாலு பழத்தையும் நான் தின்றுவிட்டேன்” என்று எழுதி வந்தான். அதற்கு நான் சைபர் போட்டேன்.

பேத்தி வெகுநேரம் சிரித்தாள். பிறகு, திருத்திய தாளை `vaguthal_5.pdf` என்றும், திருத்தாததை அழித்துவிடாமல் `naalu_pazham.pdf` என்றும் பெயரிட்டுச் சேமித்தாள். அந்தப் பையனுக்கு என்ன மார்க் போடுவது என்று என்னைக் கேட்காமலே, இரண்டாவதின் ஓரத்தில் சிவப்பில் பத்துக்குப் பத்து என்று போட்டாள்.