மாடி விவசாயி

இந்த இனத்தை முதல் வருடத்தில்தான் பார்க்க முடியும். இரண்டாம் வருடம் ஒன்று விவசாயி ஆகிவிடுவார், இல்லை மீன்தொட்டி வாங்கிவிடுவார்.

எங்கள் மாடிவீட்டுக்காரர் ஆடி மாதம் தோட்டம் போட முடிவெடுத்தார். வீட்டில் ஒதுக்கித் தந்தது 3,000 ரூபாய். ஒரு விதை மண்ணில் விழுமுன்பே அதில் பெரும்பகுதி காலி. குட்டி மண்வாரி, குட்டி முள்வாரி என்று பொம்மைக் கடப்பாரை தவிர எல்லாம் வந்தது. மண்ணின் புளிப்புத்தன்மை பார்க்கும் மீட்டரும் வந்தது. தொட்டியில் செருகினால் ஏழு காட்டியது, வெறுங்காற்றிலும் ஏழு காட்டியது. மாமியார் வைத்த ரசத்தில் செருகப் போனவரைக் கரண்டியோடு துரத்தினார்கள்.

அடுத்தது தேங்காய்நார்க் கட்டி. ஐந்து கிலோ கட்டி ஒன்று ஊறினால் அறுபது லிட்டருக்கு மேல் உப்பும். மண், நார், மக்கிய சாண எரு மூன்றையும் சம அளவில் கலந்தால் இருபது லிட்டர் வாளிகள் ஒன்பதுக்குக் குறையாமல் நிரம்பும். இவர் வாங்கியது ஆறு கட்டி. ஒன்றைக் குளியலறையில் ஊறவைத்தார்; குடும்பமே இரண்டு நாள் கீழ்வீட்டில், அதாவது எங்கள் வீட்டில், குளித்தது.

நாரை இரண்டு மூன்று முறை அலசி உப்பை வெளியேற்றியிருக்க வேண்டும். அலசவில்லை. மண்ணும் எருவும் சேர்க்காமல் வெறும் நாரிலேயே கத்தரி நாற்றை நட்டார். மேலே காய்ந்து தெரிகிறதே என்று தினம் மூன்று வேளை தண்ணீர். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்திருந்தால் உள்ளே சொதசொத என்றிருப்பது தெரிந்திருக்கும். இலை ஓரம் கருகியது உப்பால். செடி சாய்ந்தது வேர் அழுகி. அவரோ வெயில்தான் காரணம் என்று பச்சை நிழல்வலை வாங்கிக் கட்டினார். ஆறு மணி நேர வெயில் கேட்கும் வெண்டை, வலைக்கடியில் கொடிபோல நெடுநெடுவென்று வளர்ந்து காய்க்காமல் நின்றது.

"என்னங்க, மிச்சம் எவ்வளவு இருக்கு?" என்று கேட்ட அவர் மனைவி, அதை வாங்கிக்கொண்டு மாட்டுத்தொழுவம் பக்கம் போனார். மக்கிய எரு இரண்டு மூட்டை, வேப்பம்பிண்ணாக்கு இரண்டு கிலோ, ஒரு சின்னத் தெளிப்பான், கொஞ்சம் வேப்பெண்ணெய். விதை மூன்றே வகை: முளைக்கீரை, வெண்டை, கத்தரி. பழைய பெயிண்ட் வாளிகளின் அடியில் சூடு காட்டிய கம்பியால் துளை போட்டு, ஒரு வாளிக்கு ஒரு கத்தரிச் செடி என்று வைத்தார். கட்டிகளில் ஒன்றை மட்டும் அலசி எடுத்துக்கொண்டார்.

நாலாவது வாரம் எங்கள் வீட்டுக்கும் ஒரு கட்டுக் கீரை வந்தது.

நிழல்வலை வீணாகவில்லை. இந்தக் கோடையில் காக்கை கொத்தாமல் வடகத்தின் மேல் போர்த்தியிருக்கிறார்கள்.