சீட்டு எங்கே?

மெடிக்கலில் வேலை பார்க்கிறேன். டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை தர மறுத்தால், 'நீ என்ன பெரிய டாக்டராடா?' என்று எகிறுகிறார்களே, என்ன சொல்வது?

"டாக்டர் இல்லீங்க, அதனாலதான் தரலை" என்று சொல்லுங்கள். கூட்டம் சிரிக்கும், நீங்கள் சிரிக்காதீர்கள், அது கேலியாகிவிடும்.

அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் 'எச்1' அட்டவணையில் வருபவை. விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏறவேண்டும். அதை 3 ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும். காலிப் பக்கத்தைத் திறந்து, "டாக்டர் பேர் என்னன்னு எழுதட்டும்?" என்று பேனாவோடு கேளுங்கள். பாதிப் பேர் இங்கேயே இறங்கிவிடுவார்கள்.

மறுபடியும் 'டா' வந்தால் நகைச்சுவைக்குக் கடையடைப்பு. "மரியாதையா பேசினா பேசலாம், இல்லைன்னா அடுத்தவரைப் பார்க்கிறேன்" என்று குரல் ஏறாமல் ஒரே தடவை சொல்லிவிட்டு, நிஜமாகவே அடுத்தவரைப் பாருங்கள்.