பொதுச் சரக்கறை ஒழுங்கியல்

தெலுக் பங்லிமா காராங் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர் அறை பராமரிப்பு, உற்பத்தி, துப்புரவு ஆகிய மூன்று பிரிவுக்கும் பொது. பொது என்பதன் பொருள் இதுவே: அறைச்சாவி மூவரிடமும் உண்டு, உள்ளிருக்கும் பொருளோ எவருடையதும் அன்று. இந்நாட்டுத் தொழிற்சாலைச் சுவர்களில் சிசிஹ், சூசுன், சாப்பு, செராகாம், செந்தியாசா அமால் என மலாயில் எழுதப்படும் ஜப்பானிய ஐந்து ‘எஸ்’ முறை இவ்வறையில் செயல்படுத்தப்பட்டது.

முதற்படி பிரித்தல். ஐயத்திற்குரிய பொருளில் சிவப்பு அட்டை கட்டி, பெயர், எண்ணிக்கை, நாள், காரணம் ஆகியவற்றைக் குறிப்பர். முப்பது நாளில் உரியவர் வராவிடில் பொருள் வெளியேறும். இங்கோ மறுநாளே எல்லாவற்றுக்கும் மூன்று பிரிவும் உரிமை கோரின. தேவை வேறு, பிரிய மனமின்மை வேறு. அட்டையில் ‘கடைசியாகப் பயன்படுத்திய நாள்’ என்னும் கட்டம் சேர்ந்தபின் கோரிக்கைகள் பெரும்பாலும் அடங்கின.

சாவிகள் தனி ஆய்வுக்குரியவை. 41 சாவிகளும் 6 பூட்டுகளும் கிடைத்தன. 246 முறை பொருத்திப் பார்த்ததில் 4 சாவிகள் திறந்தன. எஞ்சிய 37 சாவிகள் பூட்டை இழந்தவை, பூட்டையே அறியாதவை என இருவகைப்படும். முன்னவை தேய்ந்திருக்கும், பின்னவை பளபளக்கும். இரண்டும் பழைய இரும்புக்கே போயின.

பெயிண்ட் டின்களைக் குலுக்கினால் சளசளப்பவை, மெல்ல நகர்பவை, ஓசையற்றவை என மூன்றாகும். முதல்வகையை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். ஏனையவற்றைக் குப்பைத்தொட்டியில் போடலாகாது. 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிகளின்படி ஆலையின் பெயிண்ட் கழிவு பட்டியலிடப்பட்ட கழிவு. ஒட்டுச்சீட்டுடன் தனியே வைத்து, 180 நாளுக்குள் உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

அடுக்குதலில் அன்றாடப் பொருள் இடுப்புக்கும் தோளுக்கும் இடையே, கனமானது கீழே, ஆண்டுக்கொருமுறை எடுப்பது உச்சியில் அமையும். ஸ்பேனர் ஒவ்வொன்றின் உருவமும் பலகையில் கறுப்புச் சாயத்தால் வரையப்பட்டது. வெற்றுருவம் தெரிந்தால் ஸ்பேனர் வெளியே இருக்கிறது என்று பொருள். துடைத்தலோ உண்மையில் சோதனை. தரையைத் துடைத்த பின்னரே ஒரு மூலை மீண்டும் மீண்டும் நனைவது தெரிந்தது, கூரையில் ஒழுக்கு. நான்காம் படியான சீராக்கம், எல்லையைக் குறிக்கும் மஞ்சள் கோட்டின் அகலத்தை மூன்று பிரிவும் ஏற்றதோடு முடிந்தது.

கடைப்பிடித்தல் தளர்வதற்கு அடையாளம் வெற்றுருவம் அன்று. பொருந்தாப் பொருள் ஏறிய உருவமே. வெற்றுருவம் பொருளைத் தேடச் செய்யும். நிரம்பிய உருவம் தேடலை நிறுத்திவிடும். எனவே மாதந்தோறும் ஒரு பிரிவின் அலமாரியை மற்றொரு பிரிவு தணிக்கை செய்தது. மூன்றாம் மாதத் தணிக்கையில் மஞ்சள் கோட்டுக்கு வெளியே ‘தற்காலிகம்’ என்றெழுதிய ஓர் அட்டைப்பெட்டி காணப்பட்டது. நாளும் இல்லை, பெயரும் இல்லை. திறந்ததில் எஞ்சிய சிவப்பு அட்டைகள் இருந்தன. அவற்றுள் ஒன்றை எடுத்துப் பெட்டியில் கட்டினர்.